புளிக்குழம்பை ராத்திரி எதில் வைப்பது?

*மாமியார் காலத்து அலுமினியச் சட்டியில்தான் (ஈயச்சட்டி என்போம்) புளிக்குழம்பு வைக்கிறேன். மிச்சத்தை அதிலேயே மூடி வைத்து மறுநாளும் சூடாக்கிக் கொள்வோம். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் கீறல் விழுந்துவிட்டது. ஓட்டல் சாம்பாரை வந்த பிளாஸ்டிக் டப்பாவோடேயே மைக்ரோவேவில் வைக்கிறார் என் கணவர். மாமனாருக்கு கிரியேட்டினின் கூடியிருக்கிறது, ஆறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் வருவதைப் படித்தால் சமையலறையையே காலி செய்ய வேண்டும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற வசதியில்லை. எதை முதலில் மாற்ற வேண்டும்?*
*— ஒரு வாசகி, மதுரை*

அன்புள்ள சகோதரிக்கு,

காசு செலவில்லாமல் இன்றைக்கே மாற்ற வேண்டியவை இரண்டு. குழம்பு இறக்கியதும் சட்டியில் விட்டுவைக்காமல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஓட்டல் சாம்பாரை ஒரு கண்ணாடிக் கிண்ணத்திலோ பீங்கான் கிண்ணத்திலோ ஊற்றி மைக்ரோவேவில் வையுங்கள். பாத்திரம் வாங்குவதெல்லாம் இதற்குப் பிறகுதான். வாங்கும்போது முதல் இடம் புளிக்குழம்புக்கான எவர்சில்வர் சட்டிக்கு, இரண்டாவது இடம் தோசைக்கல்லுக்கு. ஏன் இந்த வரிசை என்பதைச் சொல்லிவிட்டால், நாளை வேறொரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

அலுமினியம் காற்று பட்ட நொடியிலேயே தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம்தான் உலோகத்துக்கும் உணவுக்கும் நடுவில் நிற்கிற தடுப்பு. சோறு, பருப்பு, பால், உருளைக்கிழங்கு இவற்றிடம் அது நன்றாகத் தாக்குப்பிடிக்கும். புளிப்பு கூடினால் கரையும், சோடா உப்புப் போன்ற காரம் கூடினாலும் கரையும். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும் பி.எச். கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 4.5-க்கும் 8.5-க்கும் இடையில் படலம் பத்திரம். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை இருக்கும். கெட்டியான புளிக்குழம்பு 4-ஐ ஒட்டி நிற்கும். போதாததற்குப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அலுமினியத்தைப் பிடித்து இழுத்துக் கரைசலில் வைத்துக்கொள்ளும் குணமுடையது. அதோடு உப்பும் சேர்கிறது. உப்பிலுள்ள குளோரைடு படலத்தில் ஊசிமுனை அளவு ஓட்டைகளைப் போடும். புளி, உப்பு, சூடு, நேரம் ஆகிய நான்கும் ஒன்றாகக் கூடுகிற இடம் ராத்திரி முழுக்க மூடிவைத்த உங்கள் குழம்புச் சட்டிதான்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாளைக் காலையில் சட்டியைக் காலி செய்து, தேய்க்காமல் அலசி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழம்பு நின்ற உயரத்தில் ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு மேலே பழைய மங்கல் கறுப்பு அப்படியே இருக்கும், கீழே புதுசு மாதிரி வெளுத்துப் பளபளக்கும். சட்டி சுத்தமாகிவிட்டது என்று அதைப் பார்த்து நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அந்த இடத்திலிருந்த படலமும் அதன் அடியிலிருந்த கொஞ்சம் உலோகமும் குழம்போடு போய்விட்டன. அடியில் வெள்ளை வெள்ளையாய்ப் பொடிப் புள்ளிகளோ, நகத்தால் தடவினால் தட்டுப்படுகிற சிறு குழிகளோ இருந்தால் அந்தச் சட்டியில் இனிமேல் புளிப்பான எதையும் சமைக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு அலுமினியம் உடம்புக்குள் போகிறது? உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் வகுத்தது இன்னும் கறாரானது, கிலோவுக்கு வாரம் 1 மில்லிகிராம்தான். உங்கள் எடை அறுபது கிலோ என்று கொண்டால் ஒரு கணக்கில் 120, இன்னொரு கணக்கில் 60.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ராத்திரி முழுக்கச் சட்டியில் இருந்த குழம்பில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்தான். சட்டியைப் பொறுத்தும் புளியைப் பொறுத்தும் கூடும், குறையும். ஒரு வேளைக்கு ஒருவர் ஊற்றிக்கொள்வது 150 கிராம் என்றால் 3 மில்லிகிராம். வாரத்தில் எட்டு வேளை அந்தக் குழம்பு என்றால் 24. பாத்திரமே இல்லாமல், காய்கறி, தேயிலை, மாவு வகைகளிலிருந்தே நாளுக்குச் சில மில்லிகிராம் வரும். அதை 5 என்று கொண்டால் வாரத்துக்கு 35. மொத்தம் 59. உலக அளவிலான வரம்பில் பாதிதான், ஆனால் ஐரோப்பிய வரம்பை அநேகமாகத் தொட்டுவிட்டது. உங்கள் பெண்ணின் எடை 18 கிலோ இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அவளுக்கு வரம்பு 36 அல்லது 18. அவள் உங்களில் பாதி அளவு சாப்பிட்டால்கூட ஏறக்குறைய 30 போகிறது. ஒரே சட்டிக் குழம்பில் பெரியவர்கள் ஐரோப்பிய வரம்புக்குள் இருக்கும்போதே குழந்தை அதை மீறிவிடுவது இப்படித்தான்.

இதே குழம்பை அடுப்பிலிருந்து இறக்கியதும் எவர்சில்வருக்கு மாற்றினால் அலுமினியத்தோடு புளி சேர்ந்திருக்கும் நேரம் பன்னிரண்டு மணியிலிருந்து அரை மணியாகச் சுருங்கும். அதனால்தான் சட்டியை மாற்றுவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தை மாற்றுங்கள் என்கிறேன்.

வயிற்றுக்குள் போகும் அலுமினியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். சேர்ந்ததையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். ஆரோக்கியமானவர்கள் அலுமினியப் பாத்திரத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று சொல்வதற்கு அடிப்படை இதுதான். மறதி நோய் வரும் என்ற பேச்சு அறுபது, எழுபதுகளில் எழுந்த ஒரு சந்தேகம். அதற்குப் பிறகு நடந்த ஆய்வுகள் பாத்திரத்துக்கும் அந்த நோய்க்கும் தொடர்பை நிலைநாட்டவில்லை.

உங்கள் மாமனார் விஷயம் வேறு. வெளியேற்ற வேண்டிய உறுப்பே தளர்ந்திருப்பதால் அவர் உடம்பில் அலுமினியம் தங்கும். எலும்பிலும் மூளையிலும் சேரும். எழுபதுகளில் டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் கலந்திருந்த இடங்களில் நோயாளிகளுக்குப் பேச்சுக் குழறி, நினைவு தப்பி, வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் முறைகள் கடுமையாயின. அவருக்கான குழம்பு, ரசம், மோர்க்குழம்பு அலுமினியத்தில் தயாராக வேண்டாம்.

அதைவிட முக்கியமாக ஒன்றைக் கவனியுங்கள். நெஞ்சு எரிச்சலுக்கு அவர் ஏதாவது ஜெல் மருந்து குடிக்கிறாரா? குடித்தால் பாட்டிலைத் திருப்பி, அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஐந்து மில்லியில் 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அந்த ஒரு கரண்டியில் மட்டும் 60 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கும். மேலே பார்த்த எட்டு வேளைக் குழம்பைப் போல இரண்டரை மடங்கு! சட்டியை மாற்றிவிட்டு இந்தப் பாட்டிலை விட்டுவிட்டால் பலனில்லை. எலுமிச்சைச் சாறு, சாத்துக்குடிச் சாறு இவற்றோடு சேர்த்துக் குடித்தால் சிட்ரிக் அமிலம் அலுமினியத்தை ரத்தத்துக்குள் கூடுதலாகக் கொண்டுபோகும். சிறுநீரக மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது பாட்டிலையே கையில் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

குக்கரைத் தூக்கிப்போட வேண்டாம். சோறும் பருப்பும் புளிப்பில்லாதவை, படலத்தை அவ்வளவாகத் தொடாது. நம் வீடுகளில் குக்கருக்குள் எவர்சில்வர் அடுக்குகளை வைத்து வேகவைக்கும் வழக்கம் இருக்கிறதே, அது இந்த விஷயத்தில் மிக நல்ல ஏற்பாடு. அலுமினியத்தைத் தொடுவது வெளியே நிற்கிற தண்ணீர் மட்டும்தான், அதை நாம் சாப்பிடுவதில்லை. குக்கர் உட்புறம் கறுத்துப்போவது உப்புத் தண்ணீரால் வருவது. கெடுதல் இல்லை, கம்பி நார் போட்டுத் தேய்த்து வெளுக்கவும் வேண்டாம். தேய்த்தால் அடுத்த சில முறை உலோகம் கூடுதலாக இறங்கும். கறுக்காமல் இருக்க வெளித்தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலைப் போடுவார்கள். அடுக்கில் வேகவைக்கும்போது மட்டும் போடுங்கள். அடுக்கு இல்லாமல் குக்கரிலேயே நேராகத் தக்காளி சாதமோ புளி சேர்த்த சாம்பாரோ வைப்பதானால் எவர்சில்வர் குக்கர்தான் சரி. சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் வேகவைத்து, புளித்தண்ணீரும் தக்காளியும் சேர்க்கிற கட்டத்தில் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டால் இருக்கிற குக்கரே போதும்.

புளியோதரையையும் எலுமிச்சை சாதத்தையும் அலுமினிய ஃபாயிலில் சுற்றிப் பயணத்துக்கு எடுத்துப் போவதும் இதே கதைதான். ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2017-இல் பூச்சில்லாத அலுமினியத் தட்டுகளில் புளிப்பான உணவுகளை வைத்துச் சோதித்தபோது, தக்காளிக் கூழிலும் ஆப்பிள் கூழிலும் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்பை மீறி அலுமினியம் இறங்கியிருந்தது. சப்பாத்தியைச் சுற்றலாம். புளிச்சோற்றுக்கு வாழையிலையை உள்ளே வைத்து வெளியே ஃபாயில் சுற்றுங்கள்.

இவ்வளவு நேரம் பேசியது சுத்தமான அலுமினியத்தைப் பற்றி. என்னை இதைவிடக் கவலைப்பட வைப்பது வேறொன்று, அது உங்கள் கடிதத்திலுள்ள 'ஈயச்சட்டி' என்ற சொல்லிலேயே தற்செயலாக ஒளிந்திருக்கிறது. தமிழில் ஈயம் என்று மூன்றைச் சொல்லிவிடுகிறோம். ரசத்துக்கு வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, பித்தளைக்கு உட்புறம் பூசுவதும் அதுதான். பேச்சுவழக்கில் அலுமினியத்தையும் ஈயம் என்கிறோம். மூன்றாவது காரீயம். அதுதான் நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே இல்லை.

அலுமினியச் சட்டிக்குள் காரீயம் எப்படி வரும்? பழைய வண்டி உதிரிகள், மோட்டார், மின்சாமான் என்று கலந்து கட்டின பழைய இரும்புக்கடைச் சரக்கை உருக்கி வார்த்தால் வரும். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அங்கே இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, இண்டாலிய வகைப் பாத்திரங்களிலிருந்து உணவில் காரீயம் இறங்கக்கூடும் என்று பொது எச்சரிக்கை விடுத்தது. கனமான வார்ப்புச் சட்டி, எங்கே செய்தது என்று எதுவும் பொறிக்கப்படவில்லை, சந்தையிலோ திருவிழாக் கடையிலோ எடைக்கு வாங்கியது என்றால் சந்தேகப்படுங்கள். பார்வையாலோ தட்டிப் பார்த்தோ காரீயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கடையில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் பட்டைகளையும் நம்பிவிட முடியாது. ஆய்வகத்தில்தான் தெரியும், அதற்கு ஆகும் செலவில் புதுச் சட்டியே வாங்கிவிடலாம். மாமியார் காலத்துச் சட்டியில் முத்திரை எதுவும் இல்லையென்றால் குழந்தைக்கான எந்தக் குழம்பும் அதில் வேண்டாம். ஈயச்சொம்பு வாங்குவதானாலும் தெரிந்த, ரசீது தருகிற கடையில் மட்டும் வாங்குங்கள். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்து விற்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது மைக்ரோவேவ். சாம்பாரில் தண்ணீர் இருக்கிறது, நூறு டிகிரியைத் தாண்டாது, பிளாஸ்டிக்குக்கு என்ன ஆகப்போகிறது என்று உங்கள் கணவர் கேட்கலாம். தண்ணீர் தாண்டாது. மேலே மிதக்கிற தாளிப்பு எண்ணெய் தாண்டும். எண்ணெய் டப்பாவைத் தொடுகிற விளிம்பில்தான் சூடு ஏறும். காலியான டப்பாவின் உட்சுவரைப் பாருங்கள். குழம்பு மட்டத்தில் பிளாஸ்டிக் சொரசொரப்பாய், வெளுத்து, பொரிந்த மாதிரி ஒரு வளையம் இருக்கிறதா? அது எண்ணெய் பட்டுப் பிளாஸ்டிக் இளகிய இடம். எத்தனை முறை கழுவினாலும் போகாத மஞ்சள் கறையும் ஒரு சாட்சிதான். மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். உணவிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் போக வழியிருந்தால், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் வரவும் அதே வழி உண்டு. இரண்டு பக்கமும் வேகத்தைக் கூட்டுவது சூடும் எண்ணெயும்தான்.

வருவது என்ன? பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் துணைப்பொருள்கள் கொஞ்சம், நுண்துகள்கள் நிறைய. அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது. குழந்தை உணவுப் பிளாஸ்டிக் கலன்களை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் சூடாக்கியபோது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து 40 லட்சத்துக்கும் மேற்பட்ட நுண்துகள்களும் 200 கோடிக்கும் மேற்பட்ட மீநுண் துகள்களும் வெளிவரக்கூடும் என்று அது கண்டது. எண்ணிக்கை பயமுறுத்தும். எடையில் மிகக் குறைவுதான், அவை உடம்பில் எவ்வளவு தீங்கு செய்யும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. தீர்மானமாகும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, கிண்ணம் மாற்ற அரை நிமிடம் போதும்.

பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருளைப் பற்றியும் படித்திருப்பீர்கள். அது பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அதன் தினசரி வரம்பை முந்தைய அளவிலிருந்து 20,000 மடங்கு குறைத்தது. ஓட்டல் டப்பாக்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், அதில் இந்தப் பொருள் சேர்ப்பதில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும். முக்கோணத்துக்குள் 1 இருந்தால் அது தண்ணீர் பாட்டில் வகை, சூடான எதுவும் அதில் ஊற்றக்கூடாது. 6 என்றால் தெர்மக்கோல் வகை, சுடுகுழம்புக்கு ஆகாது. 7 என்பது மற்றவையெல்லாம், பாலிகார்பனேட்டும் அதில் அடக்கம். பூப்போட்ட மெலமைன் தட்டு பீங்கான் போலத் தெரியும், அதையும் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.

5 இருந்தால் சூடாக்கலாமா என்று கேட்பீர்கள். 'மைக்ரோவேவ் சேஃப்' என்ற குறி அந்த டப்பா உருகாது, நெளியாது என்பதற்குத்தான் முக்கியமாக உத்தரவாதம். ஒருமுறை பார்சலுக்காகச் செய்த மெல்லிய டப்பாவைப் பத்து முறை சூடாக்குவது அது செய்யப்பட்ட நோக்கத்துக்கு வெளியே. இந்திய விதிப்படி பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்கு இறங்கும் மொத்தப் பொருள் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அந்தச் சோதனை புது டப்பாவில் நடப்பது. கீறி, பொரிந்து, மஞ்சளேறிய டப்பாவை யாரும் சோதிப்பதில்லை. அவற்றில் பருப்பு, கடுகு, ரவை வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய தயிர்சாதம் வைத்தாலும் பாதகமில்லை.

கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரை மெல்லிய பாலித்தீன் கவரில் கட்டித் தருவது இதைவிட மோசம். அது வீட்டுக்கு வரும் அரை மணி நேரமும் சூடு, எண்ணெய், புளி மூன்றும் அந்த மெல்லிய தாளோடுதான் உறவாடுகின்றன. உணவைக் கட்டும் பிளாஸ்டிக் தாள், கைப்பைகள் போன்றவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தும் இந்தக் கவர் பல கடைகளில் இன்னும் புழங்குகிறது. இரண்டு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போனால் ஓட்டலில் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருவார்கள்.

நான்ஸ்டிக் தோசைக்கல்லில் கீறலைவிடக் கவனிக்க வேண்டியது சூட்டை. அந்தப் பூச்சு எதனோடும் சேராத ஒரு பிளாஸ்டிக். துணுக்கு உதிர்ந்து தோசையோடு வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் 260 டிகிரிக்கு மேல் போனால் பூச்சு சிதையத் தொடங்கும், 350-ஐத் தாண்டினால் வேகமாகச் சிதைந்து நச்சுப் புகை விடும். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம் வரும். வீட்டில் லவ்பேர்ட்ஸ் மாதிரிப் பறவைகள் இருந்தால் செத்தே போகும்.

தோசை வேக 200 டிகிரிக்குள் போதும். 260-க்கு எப்போது போகும் என்றால், கல்லைப் பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்துவிட்டு மாவு எடுக்க, சட்னி அரைக்க என்று போய்விட்டால் மூன்று நான்கு நிமிடத்திலேயே போய்விடும். ஆகவே நடுத்தரத் தீ, வெறுங்கல்லைக் காயவிட்டு நகராதீர்கள். ஒரு துளி நல்லெண்ணெய் விட்டுத் தடவிப் பாருங்கள். எண்ணெய் புகைய ஆரம்பித்தால் கல் தேவைக்கு மேல் சூடாகிவிட்டது என்று தெரிந்துகொண்டு உடனே தீயைக் குறையுங்கள். காய்ந்த கல்லில் குளிர்ந்த தண்ணீரை அள்ளித் தெளிப்பதும் வேண்டாம், கல் வளைந்து பூச்சு பிரியும். இரும்புக் கல்லுக்குச் செய்கிற அந்தப் பழக்கம் இதற்குப் பொருந்தாது.

உங்கள் கல்லில் கீறல் மயிரிழையாக இருந்தால் மரக்கரண்டியோடு தொடரலாம். அடியிலுள்ள வெள்ளை உலோகம் தெரிந்தாலோ, பூச்சு கொப்பளித்தாலோ, ஓரம் தோலாய் உரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பி.எஃப்.ஓ.ஏ. என்ற பொருள்தான் நான்ஸ்டிக்கின் பெயரைக் கெடுத்தது. பூச்சைத் தயாரிக்கும்போது அதைப் பயன்படுத்தினார்கள், 2023-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. 2019-இலேயே ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. இப்போதைய கல்லில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த ஒரு பொருள் இல்லை என்றுதான் பொருள், எவ்வளவு சூடானாலும் பத்திரம் என்பதல்ல. மாற்றுவதென்று ஆனால் இரும்புத் தோசைக்கல்லையே சொல்வேன். பழக்க ஒரு வாரம் படுத்தும், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் வரும்.

எவர்சில்வர் வாங்கும்போது 304 என்று பொறித்ததைக் கேளுங்கள். 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல் உள்ள வகை அது. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல சரக்கு என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. உப்பும் புளியும் பட்டு அது சீக்கிரம் குழிபடும். முத்திரையைப் பாருங்கள். அலுமினிய, எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024-இல் வந்தது. முத்திரையின் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். கடையில் நிற்கும்போதே அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்த்தால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

புதுச் சட்டியில் முதல் சில சமையலில் நிக்கலும் குரோமியமும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தக்காளி சாஸை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். முதல் முறை அதிகம், போகப்போகக் குறைந்து ஆறாவது சமையல் வாக்கில் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. பத்தாவது முறைக்குப் பிறகு ஒருவர் சாப்பிடும் அளவில் 88 மைக்ரோகிராம் நிக்கல். அறுபது கிலோ ஆளுக்கு ஐரோப்பிய தினசரி வரம்பு 780. ஆகவே கவலையில்லை. கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிறவர் வீட்டில் இருந்தால் மட்டும் நிக்கல் ஒவ்வாமை இருக்கலாம், அவருக்குப் புளிப்பானதை மண்சட்டியிலோ கண்ணாடியிலோ வைத்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு, வாங்கியதும் உப்பும் புளியும் கரைத்த தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவிட்டுக் கொட்டி, அதை இரண்டு மூன்று முறை செய்துவிட்டுச் சமையலுக்கு எடுங்கள். உப்பைக் கொதி வந்த பிறகு போடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கரையாமல் அடியில் தங்குகிற உப்புக்கல் அந்த இடத்தில் குழி போடும். அடியில் வானவில் நிறம் படர்வது கெடுதல் இல்லை.

பழைய சட்டியை எடைக்குப் போட மனம் வராவிட்டால், அதில் தண்ணீரை ஊற்றி மேலே எவர்சில்வர் இட்லித்தட்டை வைத்து ஆவியில் வேகவைக்கப் பயன்படுத்துங்கள். ஆவியோடு உலோகம் ஏறாது. தட்டு தண்ணீரைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும், வேலை முடிந்ததும் அடியில் நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.